விலைக்கு வாங்கிய டிரேட்மார்க்கை எத்தனை ஆண்டில் எழுதுவது? – வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் விலைக்கு வாங்கிய டிரேட்மார்க்கை எழுதுவது, அதாவது அதன் விலையை ஆண்டுகளுக்குப் பிரித்துச் செலவாகக் காட்டுவது பற்றியவை. எனவே மற்றவற்றை அடுத்த முறைக்கு வைத்துக்கொண்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அப்பளம் தயாரிக்கும் நிறுவனம் எங்களுடையது. இன்னொருவரின் பிராண்டை 40 லட்சத்துக்கு முழுமையாக வாங்கினோம். ஜி.எஸ்.டி., வக்கீல் செலவு, அறிமுக விளம்பரம் எல்லாவற்றையும் சேர்த்துச் சொத்தாகக் காட்டலாமா? – விருதுநகர் வாசகர்

எல்லாவற்றையும் சேர்க்க முடியாது. விலை 40 லட்சம் சொத்தில் சேரும். உரிமை மாற்றப் பத்திரத்துக்கான முத்திரைத் தீர்வை, வக்கீல் கட்டணம், பதிவகக் கட்டணம் மூன்றும் ஏறக்குறைய 80,000 ரூபாய் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த உரிமையைப் பெறுவதற்கு நேரடியாக ஆன செலவு என்பதால் அதுவும் சேரும். ஆக, டிரேட்மார்க் கணக்கில் பற்று 40.80 லட்சம்.

ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதாவது 7.20 லட்சம். உங்கள் விற்பனைக்கு வரி உண்டு, உள்ளீட்டு வரி வரவு எடுக்க முடியும் என்றால் அது சொத்தில் சேராது. அதைச் சொத்திலும் சேர்த்துத் தேய்மானம் கேட்டு, வரவும் எடுத்தால் சட்டப்படி அந்த வரவு செல்லாது. ஆனால் உங்கள் சரக்குக்கு வரிவிலக்கு இருந்து வரவு எடுக்க வழியில்லை என்றால், அந்த வரியும் சொத்தின் விலைதான். அப்பளத்தின் வரி நிலையை முதலில் உங்கள் ஆடிட்டரிடம் உறுதி செய்துகொண்டு பதிவு போடுங்கள். வரவு கிடைக்கும் என்று வைத்தே கீழே கணக்கிடுகிறேன்.

விளம்பரத்துக்குச் செலவழித்த 12 லட்சம் அந்த ஆண்டின் செலவு. பிராண்டை வாங்கிய பிறகு அதற்காகச் செய்யும் விளம்பரத்தை, வியாபாரம் முழுவதற்கும் செய்த விளம்பரத்திலிருந்து பிரித்துக் காட்ட முடியாது. அதனால்தான் கணக்கியல் தரநிலை அதைச் சொத்தில் ஏற்ற விடுவதில்லை.

நாங்களே 20 ஆண்டு உழைத்து வளர்த்த பெயர். மதிப்பீட்டாளர் 2 கோடி என்று சான்று கொடுத்திருக்கிறார். அதைப் பதியலாமா? – கரூர் வாசகர்

முடியாது. நீங்களே வளர்த்த பிராண்டு ஐந்தொகையில் ஏறாது. ஏ.எஸ். 26, பெரிய நிறுவனங்களுக்கான இண்ட் ஏ.எஸ். 38 என்ற இரண்டு கணக்கியல் தரநிலைகளும் சொல்வது இதைத்தான்.

டிரேட்மார்க் வாங்கினோம். வருஷத்துக்கு எவ்வளவு தேய்மானம் போடலாம்? உடனே பதில் தேவை. – ஊர் குறிப்பிடாத வாசகர்

என்ன விலை, எந்தத் தேதி, எந்தப் பொருள், நீங்கள் நிறுவனமா கூட்டாண்மையா, எதுவும் கடிதத்தில் இல்லை. அதைவிட முக்கியமாக, நீங்கள் வாங்கினீர்களா, பயன்படுத்த அனுமதி மட்டும் பெற்றீர்களா? ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். விற்பனையில் இத்தனை சதவீதம் ஆண்டுதோறும் கொடுப்பதாக இருந்து, உரிமையாளர் இன்னும் அவரேதான் என்றால், அது உரிமத் தொகை. ஆண்டுச் செலவாகப் போகும். முழு உரிமையும் உங்கள் பெயருக்கு மாறியிருந்தால்தான் இந்தப் பக்கத்தில் சொல்பவை உங்களுக்குப் பொருந்தும். விவரத்தோடு எழுதுங்கள், பதில் தருகிறேன்.

வாங்கிய பிராண்டின் பதிவு முடிய இன்னும் 3 ஆண்டுதான் இருக்கிறது. 3 ஆண்டில் எழுதிவிடலாம் என்கிறார் எங்கள் கணக்காளர். புதுப்பித்தால் 10 ஆண்டு கிடைக்குமே, 10 போடுங்கள் என்கிறார் ஆடிட்டர் அலுவலக உதவியாளர். எது சரி? – திருப்பூர் வாசகர்

இரண்டுமே சரியில்லை. இருவரும் பதிவுச் சான்றிதழைப் பார்த்துவிட்டுப் பேசுகிறார்கள். இந்தத் தவற்றை நான் பார்க்காத ஆண்டே இல்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1999-ஆம் ஆண்டின் டிரேட்மார்க் சட்டப்படி பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும். அதன் பிறகு பத்துப் பத்து ஆண்டாக எத்தனை முறை வேண்டுமானாலும் புதுப்பிக்கலாம். இணைய வழியில் ஒரு வகுப்புக்குக் கட்டணம் சுமார் 9,000 ரூபாய். 40 லட்சம் கொடுத்து வாங்கிய பெயரை 9,000 ரூபாய்க்காக யாரும் கைவிட மாட்டார்கள். ஆகவே சான்றிதழ் முடியும் தேதியில் பிராண்டின் ஆயுள் முடிவதில்லை. கணக்காளரின் 3 ஆண்டு அதனால்தான் நிற்காது.

அதேபோல, சான்றிதழ் 10 ஆண்டு செல்லும் என்பதால் அந்தப் பெயர் 10 ஆண்டும் உங்களுக்குச் சம்பாதித்துத் தரும் என்றும் ஆகாது. பயனளிப்புக் காலம் என்பது உங்கள் கையில் இந்தப் பெயர் எத்தனை ஆண்டு காசு கொண்டுவரும் என்ற மதிப்பீடு. ஏ.எஸ். 26-இலும் 10 ஆண்டு என்று ஓர் எண் வருகிறது. ஆனால் அங்கே அது உச்சவரம்பாக வைத்த ஓர் அனுமானம். அதைத் தாண்ட வேண்டுமானால் வலுவான ஆதாரம் வேண்டும், மீட்கத்தக்க மதிப்பை ஆண்டுதோறும் கணக்கிட வேண்டும், காரணத்தைக் குறிப்புகளில் வெளியிட வேண்டும். எல்லோரும் 10 போட வேண்டும் என்று அது எங்கும் சொல்லவில்லை. இண்ட் ஏ.எஸ். பின்பற்றும் பெரிய நிறுவனங்களுக்கு மட்டும், ஆயுளுக்கு எல்லை தெரியவில்லை என்று நிரூபிக்க முடிந்தால், எழுதாமலேயே வைத்து ஆண்டுதோறும் மதிப்புக் குறைவுச் சோதனை செய்யும் வழி உண்டு.

அப்படியானால் எப்படி மதிப்பிடுவது? விற்றவரிடம் கடைசி ஐந்தாண்டு விற்பனையை ஊர்வாரியாக வாங்குங்கள். பழைய ஊர்களில் விற்பனை நிலையாக இருக்கிறதா, ஆண்டுக்கு ஆண்டு கரைகிறதா என்று பாருங்கள். விலைக்குறைப்பு கொடுத்த மாதங்களை நீக்கிவிட்டுப் பார்த்தால்தான் பெயருக்காக வாங்குபவர் எத்தனை பேர் என்பது தெரியும். பிறகு அந்தப் பொருளையே கேளுங்கள்: ஆறேழு ஆண்டில் வேறு பொருள் அதன் இடத்தைப் பிடித்துவிடுமா?

கடைசியாக, எல்லோரும் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று உண்டு. இந்தப் பெயரை வைத்து நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்? நான் தணிக்கை செய்த ஒரு நிறுவனம் ஒரு சோப்புப் பெயரை 30 லட்சத்துக்கு வாங்கி, சான்றிதழைப் பார்த்து 10 ஆண்டு போட்டது. ஆனால் முதல் நாளிலிருந்தே அவர்கள் திட்டம் வேறு. பழைய பெயரோடு தங்கள் பெயரையும் சிறிதாக அச்சிட்டு, மெல்லப் பெரிதாக்கி, ஐந்தாம் ஆண்டில் பழைய பெயரை உறையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அன்று ஏட்டில் 15 லட்சம் மிச்சம் இருந்தது. அத்தனையும் ஒரே ஆண்டில் நட்டத்துக்குப் போயிற்று. அது வங்கிக் கடன் புதுப்பிக்க வேண்டிய ஆண்டு. தங்கள் திட்டத்தை ஆரம்பத்திலேயே கணக்காளரிடம் சொல்லியிருந்தால் ஐந்து ஆண்டு, ஆண்டுக்கு 6 லட்சம் என்று அமைதியாக முடிந்திருக்கும். அந்த முதலாளியின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

திருப்பூர் வாசகரே, உங்களிடம் விற்பனை விவரம் இருந்தால் அதை வைத்து 5, 7, 8 என்று ஓர் எண்ணுக்கு வாருங்கள். எந்த எண்ணுக்கு வந்தாலும் அதன் காரணத்தை அரைப் பக்கம் எழுதி, தேதியிட்டு, கையெழுத்துப் போட்டுக் கோப்பில் வையுங்கள். எழுதப்படாத மதிப்பீடு மூன்றாம் ஆண்டில் யாருக்கும் நினைவிருக்காது.

விருதுநகர் வாசகரின் இரண்டாம் கேள்வி: எங்களுக்கு 8 ஆண்டு சரியாக வரும் என்று நினைக்கிறோம். அக்டோபர் 1 முதல் பயன்படுத்துகிறோம். வருமான வரியில் 25 சதவீதம் என்கிறார்களே, அதையே ஏட்டிலும் போட்டுவிடலாமா?

வேண்டாம். 25 சதவீதம் என்பது வரிக்கான விகிதம், ஒவ்வோர் ஆண்டும் மிச்சமுள்ள தொகையின் மீது கணக்கிடும் குறைந்துசெல் இருப்பு முறையில். உங்கள் பிராண்டின் ஆயுளுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஏட்டில்: 40.80 லட்சத்தை 8 ஆண்டால் வகுத்தால் ஆண்டுக்கு 5.10 லட்சம். முடிவில் எஞ்சும் மதிப்பு பூஜ்யம் என்றே கொள்ளுங்கள். அன்று வாங்கிக்கொள்வதாக யாராவது இன்றே ஒப்புக்கொண்டிருந்தாலோ, அதற்கென்று இயங்கும் சந்தை இருந்தாலோ ஒழிய வேறு எண் போட முடியாது. முதல் ஆண்டில் ஆறு மாதம்தான் என்பதால் 2.55 லட்சம். பயன்படுத்தத் தயாரான நாளிலிருந்து எழுதத் தொடங்க வேண்டும், பணம் கொடுத்து முடித்த நாளிலிருந்து அல்ல.

வரியில்: அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை 182 நாள். 180 நாளுக்குக் குறையாததால் முழு 25 சதவீதம், அதாவது 10.20 லட்சம் கிடைக்கும். ஒரு வாரம் தள்ளிப் பயன்படுத்தியிருந்தால் அந்த ஆண்டுக்குப் பாதிதான். ஏட்டுக்கும் வரிக்கும் இடையே வரும் இந்த வித்தியாசத்துக்கு நிறுவனங்கள் ஒத்திவைத்த வரி பதிய வேண்டும்.

பத்திரம் எழுதிப் பணம் கொடுத்து ஓராண்டு ஆகிறது. பதிவகத்தில் இன்னும் விற்றவர் பெயர்தான் இருக்கிறது. எழுதத் தொடங்கலாமா? – கும்பகோணம் வாசகர்

பத்திரப்படி உரிமை உங்களிடம் வந்து, அந்தப் பெயரில் விற்கவும் தொடங்கியிருந்தால், எழுதத் தொடங்க வேண்டும். பதிவகத்தின் உத்தரவுக்காகக் கணக்கு காத்திருக்காது.

ஆனால் ஓராண்டாக ஏன் சும்மா இருக்கிறீர்கள்? உரிமை மாற்றத்தைப் பதிவகத்தில் பதிய TM-P படிவத்தை இன்றே தாக்கல் செய்யுங்கள். அந்த விண்ணப்பம் போகாதவரை, விற்றவர் அதே பெயரை விவரம் தெரியாத இன்னொருவருக்கு விற்றுவிட்டால், அவருக்கு எதிராக உங்கள் பத்திரம் செல்லாது. அப்போது கொடுத்த பணத்தில் எதை எழுதுவது? வியாபாரத்தின் குட்வில் இல்லாமல் பெயரை மட்டும் வாங்கியிருந்தால் இன்னொரு கெடுவும் உண்டு: உரிமை மாறியதை அறிவிக்கும் விளம்பரம் வெளியிடுவதற்கான உத்தரவைக் கேட்டு ஆறு மாதத்துக்குள் பதிவாளரிடம் போக வேண்டும். அதற்கு மேல் நீட்டிப்பு கிடைத்தாலும் அந்த நீட்டிப்பு மொத்தம் மூன்று மாதத்துக்கு மேல் இல்லை. உங்களுக்கு அது தாண்டிவிட்டது போலத் தெரிகிறது. பத்திரத்தோடு ஒரு டிரேட்மார்க் வக்கீலை இந்த வாரமே பாருங்கள்.

ஒரு கடையை முழுதாக வாங்கினோம். பெயர், சரக்கு, குட்வில் எல்லாம் சேர்த்து ஒரே தொகை. பிரிக்க வேண்டுமா? – தஞ்சை வாசகர்

கட்டாயம் பிரிக்க வேண்டும். 2021-22 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து குட்விலுக்கு வரித் தேய்மானம் இல்லை, டிரேட்மார்க்குக்கு உண்டு. அதனால் முழுத் தொகையையும் பெயர் மீது ஏற்றும் ஆசை வரும், அதைச் செய்யாதீர்கள். தகுதியான மதிப்பீட்டாளரிடம் பிராண்டுக்குத் தனி மதிப்பு வாங்குங்கள். அடுத்த முறை ஒப்பந்தம் போடும்போதே ஒவ்வொன்றின் விலையையும் தனித்தனியாக எழுதுங்கள்.

8 ஆண்டு என்று மதிப்பிட்டு 3 ஆண்டு எழுதிவிட்டோம். இப்போது புதிய போட்டியாளர் வந்து விற்பனை சரிகிறது. இன்னும் 3 ஆண்டுதான் தாங்கும். பழைய ஆண்டுகளைத் திருத்த வேண்டுமா? – சேலம் வாசகர்

பழைய ஆண்டுகளைத் தொடாதீர்கள். அன்று தெரிந்ததை வைத்து அன்று மதிப்பிட்டீர்கள், அது பிழை ஆகாது. உங்கள் விலையைக் குறிப்பிடவில்லை, எனவே மேலே சொன்ன எண்ணையே வைத்துக்கொள்வோம். மூன்று முழு ஆண்டில் 15.30 லட்சம் போயிருக்கும், மிச்சம் 25.50 லட்சம்.

விற்பனை சரிவதே மதிப்புக் குறைவுக்கான அறிகுறி என்பதால் முதலில் அந்தச் சோதனையைச் செய்யுங்கள். அடுத்த மூன்று ஆண்டில் இந்தப் பெயர் கொண்டுவரும் நிகரப் பணத்தின் இன்றைய மதிப்பு, அல்லது இன்றே விற்றால் செலவு போகக் கிடைக்கும் தொகை, இரண்டில் எது அதிகமோ அதுதான் மீட்கத்தக்க மதிப்பு. அது 18 லட்சம் என்று வந்தால் 7.50 லட்சத்தை இந்த ஆண்டே நட்டமாக எழுதி, 18 லட்சத்தை மூன்றாகப் பிரித்து ஆண்டுக்கு 6 லட்சம். அது 25.50-க்கு மேல் வந்தால் நட்டம் ஏதும் இல்லை, ஆண்டுக்கு 8.50 லட்சம். காரணத்தை எழுதி முதல் மதிப்பீட்டுத் தாளோடு சேர்த்து வையுங்கள்.