கண் மஞ்சளும் தட்டுவடை வாசனையும்

"சேலம் அம்மாபேட்டை. தம்பிக்குக் கல்லீரல் தொற்று, கண் மஞ்சள். தட்டுவடை செட்டுன்னா உயிரை விடுவான், இப்ப எண்ணெய் வாசனைக்கே குமட்டுறான். ஏன்?"

அக்கா, அவன் அடம் பிடிக்கவில்லை. கல்லீரல் கிருமியோடு போராடும்போது ரத்தத்தில் கலக்கும் அழற்சிப் பொருட்கள் மூளையில் பசியை அடக்கிவிடும். கொழுப்பைக் கரைக்கும் பித்தநீரும் குடலுக்குச் சரியாக இறங்காது. மலம் வெளுத்து, சிறுநீர் கட்டன் டீ நிறமானால் அதுதான் அடையாளம். எண்ணெய்ப் பண்டம் எப்போதுமே வயிற்றில் அதிக நேரம் தங்கும். ஏற்கெனவே குமட்டுபவனுக்கு அது தாங்காது.

என் மகனுக்கு இதே நோய் வந்தபோது காலையில் குமட்டல் குறைவு. அப்போதே இரண்டு இட்லி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கஞ்சி கொடுத்தோம். கண் தெளியும் முன்பே பசி திரும்பியது. பிடித்தால் எண்ணெயும் கொஞ்சம் தரலாம்.

உளறினாலோ, பகலெல்லாம் தூங்கினாலோ, ரத்தம் கசிந்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.