பம்ப் கையேட்டுக்கு ஒரு சொல்பட்டியல்

கேள்வி: எங்கள் பம்ப் கையேடு ஆங்கிலத்திலும் தமிழிலும் வருகிறது. சொல்பட்டியல் இருந்தும் இரண்டும் பொருந்துவதில்லை. நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

முதலில் ஆங்கிலப் பிரதியைப் பாருங்கள். குழப்பம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். ஒரே பெட்டியை ஓரிடத்தில் பேனல், ஓரிடத்தில் ஸ்டார்ட்டர், இன்னோரிடத்தில் கண்ட்ரோல் பாக்ஸ் என்று எழுதியிருப்பார்கள். தமிழில் அது மூன்று தனிப் பொருளாகிவிடும். ஆங்கிலம் எழுதுபவரும் பட்டியலுக்குக் கட்டுப்பட வேண்டும்.

அப்புறம், ஆங்கிலச் சொல்லும் தமிழ்ச் சொல்லும் மட்டும் போதாது. ஒவ்வொன்றும் எதைக் குறிக்கிறது என்று ஒரு வரி விளக்கம் கட்டாயம் வேண்டும். நான் இருக்கும் பாலக்காடு மாவட்டக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் போர்வெல் அதிகம். பம்ப் இறக்குபவர்கள் படிப்பது தமிழ்ப் பக்கத்தைத்தான். மோனோபிளாக், சப்மெர்சிபிள் இரண்டுக்கும் ஒரே கையேடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மோனோபிளாக்கில் ஓட்டுவதற்கு முன் உறிஞ்சு குழாயிலும் பம்பு உடலிலும் தண்ணீர் ஊற்றிக் காற்றை வெளியேற்ற வேண்டும். அது பிரைமிங். நீர் நிரப்பும் வகை சப்மெர்சிபிளில் கிணற்றில் இறக்குவதற்கு முன் மோட்டாருக்குள்ளேயே சுத்தமான தண்ணீர் நிரப்பி, காற்று போனபின் மூடியை இறுக்க வேண்டும். உள்ளே பேரிங்குக்கு அந்தத் தண்ணீர்தான் மசகு.

இரண்டையும் "பம்பில் தண்ணீர் நிரப்பவும்" என்று எழுதினால், படிப்பவர் அதைப் பிரைமிங் என்றே எடுத்துக்கொள்வார். தண்ணீருக்குள் கிடக்கும் பம்புக்குப் பிரைமிங் எதற்கு என்று விட்டுவிடுவார். பேரிங் தேய்ந்து மோட்டார் போய்விடும். ஆகவே என் பட்டியலில் ஒன்று "பிரைமிங்", மற்றது "மோட்டாருக்குள் நீர் நிரப்புதல்". "பம்பில் தண்ணீர் நிரப்பவும்" என்பது விலக்க வேண்டிய சொற்கள் வரிசையில் இருக்கிறது.

மொழிபெயர்ப்பாளருக்குத் தரும் குறிப்பு ஒரு பக்கம் போதும். யார் படிப்பார்கள், எந்தச் சொற்களை மெக்கானிக் சொல்வது போலவே விடுவது, பேனலில் அச்சடித்த `OVERLOAD` போன்றவற்றை அப்படியே எழுதுவது, இவ்வளவுதான். ஆபத்து நிலைகளை மட்டும் விரிவாக எழுதுங்கள். ஆங்கிலக் கையேடுகளில் டேஞ்சர் என்றால் தவிர்க்காவிட்டால் சாவு அல்லது பலத்த காயம் நிச்சயம், வார்னிங் என்றால் அது நேரலாம், காஷன் என்றால் லேசான காயம் வரலாம். தமிழில் கடைசி இரண்டுக்கும் "எச்சரிக்கை" என்று போட்டுவிடுவது வழக்கம். நிலை வித்தியாசம் அழிந்துவிடும். நான் அபாயம், எச்சரிக்கை, கவனம் என்று பிரித்திருக்கிறேன்.

அச்சுக்குப் போகும் முன் தேடிச் சரிபார்க்கும்போது தமிழில் ஒரு சிக்கல் உண்டு. "அழுத்தம்" என்று தேடினால் "அழுத்தத்தை", "அழுத்தத்தில்" சிக்காது. "அழுத்த" என்று சுருக்கினால் "பட்டனை அழுத்தவும்" எல்லாம் வந்து குவியும். அதனால் "அழுத்தம்", "அழுத்தத்" என்று இரண்டு தடவை தேடுவேன். இப்படி "அம்" என்று முடியும் ஒவ்வொரு தமிழ்ச் சொல்லுக்கும் இந்த இரண்டு வடிவத்தையும் பட்டியலிலேயே எழுதி வைத்தால் அடுத்தவருக்கும் வேலை சுலபம்.