சிவப்பு மையில் எழுதியவை (கடிதம்)

அன்புள்ள சார்,
என் அத்தை திருநெல்வேலி டவுனில் சின்னதாகத் தையல் கடை வைத்திருக்கிறார். அவர் தைக்கும் ரெடிமேட் ஜாக்கெட்டுகளை ஆன்லைனில் விற்க நான்தான் பதிந்து கொடுத்தேன். முதல் மாத ரிப்போர்ட்டில் 23 ஆர்டர், ஒன்று 650 ரூபாய். வங்கியில் ஏறியதோ 5,405. "களவாணிப் பயலுவ, மூடிரு" என்கிறார் அத்தை. ரிப்போர்ட்டை இணைத்திருக்கிறேன். நாமே தனியாகத் தளம் தொடங்கிவிடலாமா?
ச.

அன்புள்ள ச.,

தளம் கிடக்கட்டும். அந்த ரிப்போர்ட்டை எனக்கு அனுப்பிய நேரத்தில் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து ஒருமுறை படித்திருக்கலாமே? படித்தவள் நீங்கள்தானே?

மூன்று ஆர்டர் ரத்து. நான்கில் `RTO` என்று இருக்கிறது. வாங்குகிறவர் கைக்குப் போகாமலே திரும்பிய பார்சல் அது. ஐந்து `RETURNED`, அதாவது பிரித்துப் பார்த்துத் திருப்பியவை. மிச்சம் 11, அதற்கு 7,150. ஒவ்வொன்றிலும் கமிஷனும் கூரியரும் சேர்த்து 95 போனால் 1,045. திரும்பிய ஐந்துக்குக் கூரியர் 140 வீதம் 700. கழித்துப் பாருங்கள், 5,405 தான் வரும். யாரும் களவாடவில்லை.

என் அம்மாவும் தைத்தவர். பில் புத்தகத்தின் அடிக்கட்டையில் துணியின் ஒரு துண்டைக் குண்டூசியால் குத்தி வைத்திருப்பார். தைத்தது ஆல்ட்டரேஷனுக்கு வந்தால் அதே அடிக்கட்டையில் சிவப்பு மையில் எழுதுவார்: "அக்குள் பிடிக்குது", "கை இறுக்கம்". ராத்திரி சாப்பிட்டு முடித்து அந்தச் சிவப்பு வரிகளை மட்டும் புரட்டுவார். வரவுப் பக்கத்தைப் பார்த்து நான் கண்டதில்லை. ஒரே குறை மூன்று பேருக்கு வந்தால் மறுநாள் அந்தப் பேப்பர் கட்டிங்கைக் கிழித்துவிட்டுப் புதிதாக வெட்டுவார். எனக்கு அப்போது அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது.

உங்கள் ரிப்போர்ட்டிலும் சிவப்பு மை இருக்கிறது. `Return Reason` என்ற கட்டத்தைப் பாருங்கள். ஐந்தில் நான்கு `Size too small`. நான்கும் 38. (ஐந்தாவது, நிறம் வேறாக இருக்கிறதாம். டியூப்லைட் வெளிச்சத்தில் போட்டோ எடுத்திருப்பீர்கள், விடுங்கள்.) 36-இல் ஒன்றுகூடத் திரும்பவில்லை என்பதால் 36 சரி என்று சொல்லிவிட முடியாது, அது விற்றதே இரண்டுதான்.

அத்தைக்கு 38 என்றால் தைத்து முடித்த ஜாக்கெட்டின் சுற்றளவு. வாங்குகிற பெண்ணுக்கு 38 என்றால் தன் மார்பில் டேப் வைத்துப் பார்த்த அளவு. கடைக்கு வந்தால் அத்தையே டேப் பிடித்து, மேலே ஒன்றரை இஞ்ச் லூஸ் விட்டுத்தான் வெட்டுவார். உங்கள் ஆன்லைன் பக்கத்தில் அந்த ஒன்றரை இஞ்சைச் சொல்ல ஆளில்லை. ஊக்கு எட்டாமல் அந்தப் பெண் திருப்பி அனுப்பிவிட்டாள். அத்தை கத்தரியைத் தொட வேண்டாம். "உடல் மார்பளவு 36 முதல் 36½ வரை" என்று அந்த 38-க்கு நேரே நீங்கள் எழுதினால் போதும். அக்குளுக்குக் கீழே பக்கத் தையலில் உள்ளே பிரித்துவிடத் துணி விட்டிருந்தால் அதையும் எழுதுங்கள். அதை அத்தை விடாமல் இருந்திருக்க மாட்டார், நீங்கள்தான் எழுதியிருக்க மாட்டீர்கள்.

அடுத்த மாத ரிப்போர்ட்டை எனக்கு அனுப்ப வேண்டாம். 38 சைஸ் திரும்பிய வரிகளை மட்டும் பிரின்ட் போட்டு அத்தை கையில் ஒரு சிவப்புப் பேனாவோடு கொடுங்கள்.