ஒரே தளம், இரண்டு விலை: கடைக்காரருக்குத் தனி லாகின்

*"செம்பூரில் நானும் கணவரும் சாம்பார் பொடி, ரசப் பொடி, இட்லிப் பொடி செய்து விற்கிறோம். வூகாமர்ஸில் சொந்தத் தளம் இருக்கிறது, வீட்டுக்கு வாங்குபவர்கள் அதில் வாங்குகிறார்கள். மாட்டுங்கா, முலுண்ட், டோம்பிவிலி பக்கம் 31 கடைகளுக்கும் கொடுக்கிறோம். அந்த ஆர்டரெல்லாம் வாட்ஸ்ஆப்பில்தான். ஆளுக்கொரு விலை, என் நோட்டில் மொத்தம் 11 விலை இருக்கிறது. அதே தளத்தில் கடைக்காரர்களுக்கு லாகின் கொடுத்து மொத்த விலை காட்டலாமா? சில்லறை வாடிக்கையாளர் கண்ணில் அது படக் கூடாது."*
— ஒரு வாசகி, செம்பூர், மும்பை

தாராளமாகக் காட்டலாம். ஆனால் ப்ளக்-இன் தேடுவதை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். முதலில் அந்த நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். 11 விலையையும் அப்படியே தளத்தில் ஏற்றினால், ஒவ்வொரு முறை விலை ஏறும்போதும் 11 இடத்தில் மாற்ற வேண்டும். எங்கோ ஒன்று விட்டுப்போகும். அப்புறம் முலுண்ட் கடைக்காரர் மாட்டுங்கா கடைக்காரரிடம் விலையைக் கேட்டுவிட்டு உங்களுக்குப் போன் போடுவார்.

உங்களுக்கு இரண்டு படி போதும்: கடைக்காரர், விநியோகஸ்தர். விலையை எம்.ஆர்.பி.யிலிருந்து கீழே இறங்கி வாருங்கள். அடக்க விலையிலிருந்து மேலே ஏறினால், கடைக்காரருக்கு என்ன மிஞ்சும் என்பதே கண்ணில் படாது. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 200 கிராம் சாம்பார் பொடி பாக்கெட்டின் எம்.ஆர்.பி. 126 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஜி.எஸ்.டி. 5 சதவீதம் அடக்கம், அதாவது 120 ரூபாய் பொருளுக்கு, 6 ரூபாய் வரிக்கு. கடைக்காரருக்கு எம்.ஆர்.பி.யில் 20 சதவீதம் விட்டால், அவருக்கு வரியோடு 100.80, வரி நீக்கி 96 ரூபாய். விநியோகஸ்தர் அந்த 100.80-க்குத்தான் கடைக்கு விற்பார். அதில் அவருக்கு 10 சதவீதம் விட்டால், உங்கள் விலை வரியோடு 90.72, வரி நீக்கி 86.40.

இப்போது உங்கள் அடக்க விலையை அந்த 86.40-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பொடி, பாக்கெட், ஆள் கூலி, வண்டிச் செலவு எல்லாம் சேர்த்து 62 ரூபாய் என்றால் தாங்கும். 80 ரூபாய் என்றால் விநியோகஸ்தர் படியே உங்களுக்கு வேண்டாம், இப்போதைக்குக் கடைக்காரர் படி ஒன்றோடு நிறுத்துங்கள்.

நோட்டில் 96-க்குக் கீழே வாங்கிக்கொண்டிருப்பவர்கள் சிலர் இருப்பார்கள். அவர்களுக்காக மூன்றாவது படி போடாதீர்கள். நேரில் போய்ப் பேசி, எந்தத் தேதியிலிருந்து புது விலை என்று சொல்லிவிடுங்கள். கேட்டரிங்காரர்களைக் கடைக்காரர் படியில் சேர்க்கவும் வேண்டாம். அவர்கள் பாக்கெட்டை மறுபடி விற்பதில்லை, அவர்களுக்கு எம்.ஆர்.பி. கணக்கு ஒத்துவராது. 5 கிலோ பை என்று தனிப் பொருளாகவே போட்டு, அதற்கென ஒரு விலை வையுங்கள்.

அளவைப் பொறுத்த தள்ளுபடியும் ஆரம்பத்தில் வேண்டாம். அதற்குப் பதில் பெட்டிக் கணக்கு வையுங்கள்: ஒரு பெட்டியில் 24 பாக்கெட், கடைக்காரர் லாகினில் 24, 48, 72 என்று மட்டும் கார்ட்டில் சேரும். கடைக்காரரின் மைத்துனர் அந்த லாகினை வாங்கி வீட்டுக்கு 2 பாக்கெட் எடுப்பதற்கும் இது தடை.

அடுத்தது, பலரும் பணம் இழக்கும் இடம். உங்கள் தளத்தில் விலையெல்லாம் வரி சேர்த்துத்தான் ஏற்றப்பட்டிருக்கும், எம்.ஆர்.பி. காட்டுவதால் அதுதான் சரி. மொத்த வியாபாரத்திலோ "96 ப்ளஸ் ஜி.எஸ்.டி." என்று வரி நீக்கித்தான் பேசுவோம். அந்த வாய்ப் பழக்கத்தில் மொத்த விலைக் கட்டத்தில் 96 என்று அடித்துவிடுவோம். வரி சேர்த்து ஏற்றிய தளம் அந்த 96-க்குள்ளேயே வரி இருப்பதாக எடுத்துக்கொள்ளும். பில்லில் பொருள் 91.43, வரி 4.57 என்று பிரியும். பாக்கெட்டுக்கு 4.57 ரூபாய் உங்கள் கையிலிருந்து போகிறது, பெட்டிக்கு ஏறக்குறைய 110 ரூபாய். பில் பார்க்க ஒழுங்காகவே இருக்கும், அதனால் மாசக் கணக்கில் தெரியாமல் ஓடும்.

கட்டத்தில் 100.80 என்றே ஏற்றுங்கள். கடைக்காரருக்கு வரி நீக்கிய விலை தெரிய வேண்டுமென்றால், அதைக் காட்டும் விதத்தில் மட்டும் மாற்றலாம். நல்ல மொத்த விற்பனை ப்ளக்-இன்களில் அந்தந்த வகை வாடிக்கையாளருக்கு வரி நீக்கிக் காட்டும் வசதி இருக்கும், வாங்குமுன் அதைப் பாருங்கள். சோதிப்பது சுலபம்: கடைக்காரராக உள்ளே போய் ஒரு பெட்டி போடுங்கள். மொத்தம் 2,419.20 வர வேண்டும். 2,304 வந்தால் விலையைத் தப்பாக ஏற்றியிருக்கிறீர்கள்.

இனி லாகின். புதிதாகப் பதிவு செய்பவர் யாராக இருந்தாலும் முதலில் சாதாரண Customer ஆகவே உள்ளே வரட்டும். சில்லறை விலைதான் அவருக்குத் தெரியும். நீங்கள் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் கடைக்காரர் என்ற வகைக்கு மாற்ற வேண்டும். தானாக ஒப்புதல் தரும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். 31 கடையைக் கையால் பார்ப்பது ஒரு மாலை வேலைதான்.

என்ன பார்ப்பது? ஜி.எஸ்.டி. எண் 15 எழுத்து. மகாராஷ்டிரக் கடை என்றால் 27 என்று தொடங்கும், அடுத்த 10 எழுத்து பான் எண். ஜி.எஸ்.டி. தளத்தில் Search Taxpayer என்ற இடத்தில் லாகின் இல்லாமலே போட்டுப் பார்க்கலாம். Active என்று இருக்கிறதா, பெயரும் முகவரியும் கடைப் பலகையோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். Cancelled என்று வந்த எண்ணைப் பில்லில் போட்டால், பின்னால் சிக்கல் உங்களுக்கும் அவருக்கும்தான். சின்னக் கடைகள் பலவற்றுக்கு ஜி.எஸ்.டி. எண்ணே இருக்காது, அதற்காக அவர்களைத் தள்ளிவிடாதீர்கள். சாப்பாட்டுப் பொருள் விற்பவரிடம் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இருக்க வேண்டும், அதையும் குமாஸ்தா லைசென்ஸ் நகலையும் கேளுங்கள். பெங்களூரிலிருந்து ஒரு கடை வந்தால் எண் 29-இல் தொடங்கும். சரக்கு அங்கே போகிறது என்றால் சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. என்று இரண்டாகப் பிரியாமல் ஐ.ஜி.எஸ்.டி. ஒரே வரியாக வர வேண்டும். முதல் பில்லை உங்கள் கணக்காளரிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள்.

விலை வெளியே கசிவது பெரும்பாலும் கேஷ் வழியாகத்தான். தளம் வேகமாகத் திறக்கட்டும் என்று, ஒருமுறை தயாரித்த பக்கத்தைச் சேமித்து வைத்து அடுத்தவருக்கும் அதையே காட்டுவார்கள். லாகின் செய்த கடைக்காரருக்குத் தயாரித்த பக்கம் சேமிப்பில் போய்விட்டால், அடுத்து வரும் சில்லறை வாடிக்கையாளருக்கு மொத்த விலை தெரியும். எனக்குத் தெரிந்த ஒரு பித்தளைச் சாமான் கடையில் இது நடந்தது. கடைக்காரர்களுக்கென்று வைத்த விலையில் ஒரு ஞாயிறு முழுக்க வீட்டுக்காரர்கள் விளக்கு வாங்கிப் போனார்கள். திங்கட்கிழமை ஒவ்வொருவருக்கும் போன் செய்து மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. ப்ளக்-இன்னில் பழுது எதுவும் இல்லை. வேகத்துக்காக இடையில் வைத்திருந்த சேவையில் எல்லாப் பக்கத்தையும் சேமிக்கச் சொல்லியிருந்தார்கள், அதுதான் காரணம்.

உங்கள் ஹோஸ்டிங்காரரிடம் இப்படிக் கேளுங்கள்: `wordpress_logged_in_` என்று தொடங்கும் குக்கீ இருந்தால் கேஷ் வேலை செய்யக் கூடாது. அவர் செய்துவிட்டேன் என்றதும் நீங்களே பாருங்கள். கம்ப்யூட்டரில் கடைக்காரராக உள்ளே போய் சாம்பார் பொடிப் பக்கத்தைத் திறங்கள். உடனே போனில், வீட்டு வைஃபையை அணைத்துவிட்டு, இன்காக்னிட்டோவில் அதே பக்கம். 126 தெரிய வேண்டும். அப்புறம் திருப்பிப் பாருங்கள்: முதலில் போன், பிறகு கம்ப்யூட்டர். கேஷ் அமைப்பைத் தொடும்போதெல்லாம் இந்தச் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

ஒரே பக்கத்தில் 100, 200, 500 கிராம் என்று தேர்வு வைத்திருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த விலைகளை வூகாமர்ஸ் தனியாகவும் சேமித்து வைக்கும். ப்ளக்-இன் இல்லாமல் யாராவது உங்களுக்குக் கோடு எழுதித் தருகிறார் என்றால், இது அதில் இருக்கிறதா என்று கேளுங்கள்:

```php
add_filter( 'woocommerce_get_variation_prices_hash', function ( $hash ) {
    $hash[] = implode( '-', wp_get_current_user()->roles );
    return $hash;
} );
```

வாடிக்கையாளர் வகைக்கு ஏற்ப அந்தச் சேமிப்பைப் பிரித்து வைப்பது இதன் வேலை. இது இல்லையென்றால் மேலே தெரியும் "இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை" என்ற விலை ஒருவருக்குச் சரியாகவும் மற்றவருக்குத் தப்பாகவும் வரும்.

கடைசியாகக் கூப்பன். புது வாடிக்கையாளருக்கு 10 சதவீதக் கூப்பன் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதைக் கடைக்காரர் தன் 96-இல் போட்டால் 86.40 ஆகிவிடும். அது விநியோகஸ்தர் விலை! ஒரு பெட்டி வாங்குபவர் பத்துப் பெட்டி வாங்குபவரின் விலைக்கு எடுத்துக்கொண்டு போவார். கூப்பனில் இருக்கும் Exclude sale items என்ற தேர்வை நம்பாதீர்கள். மொத்த விலையைப் பெரும்பாலான ப்ளக்-இன்கள் தள்ளுபடி விலையாகப் பதிவதில்லை, அதனால் அது தடுக்காது. கடைக்காரர் வகைக்குக் கூப்பன் கட்டமே தெரியாதபடி மூடிவிடுங்கள்.

சில்லறைத் தள்ளுபடியிலும் இதே கணக்கு உண்டு. தீபாவளிக்குத் தளத்தில் 20 சதவீதம் தள்ளினால் வீட்டுக்காரருக்கு 100.80. கடைக்காரர் உங்களிடம் வாங்கும் விலையே அதுதான். அவர் கடைக்கு வரும் மாமி போனை நீட்டி "இங்கே நூறு ரூபாதானே?" என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? அடுத்த வாரம் அவர் ஆர்டர் வராது, காரணமும் சொல்ல மாட்டார். தளத்தில் 10 சதவீதத்துக்கு மேல் தள்ளாதீர்கள். அப்படித் தள்ளித்தான் ஆக வேண்டும் என்றால், கடைக்காரர் விலையையும் அந்த நாட்களுக்கு இறக்கி, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

31 கடைக்கும் ஒரே நாளில் லாகின் கொடுக்க வேண்டாம். வாட்ஸ்ஆப்பில் ஒழுங்காக ஆர்டர் போடும் மூன்று கடைகளைத் தேர்ந்தெடுத்து, நேரில் போய் அவர்கள் போனிலேயே முதல் ஆர்டரைப் போட வையுங்கள். இரண்டு வாரம் அவர்களுடைய ஒவ்வொரு பில்லையும் நோட்டோடு ஒப்பிடுங்கள். பைசாவரை சரியாக வந்தால் மற்ற 28 கடைக்கும் கொடுங்கள்.