மூளையை விடுங்கள், சிறுநீர்ப்பையைக் கவனியுங்கள்

"என் தம்பிக்கு 23 வயது. ஓராண்டாகக் கெட்டமைன் பொடியை மூக்கால் உறிஞ்சுகிறான். 'இது மருத்துவமனையில் கொடுக்கும் மயக்க மருந்துதான், எல்.எஸ்.டி. மாதிரி புத்தியைக் கலக்காது' என்கிறான். மூளையில் ஓட்டை விழும் என்று இணையத்தில் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. இப்போது சிறுநீர் போகும்போது எரிச்சல் என்று வேறு சொல்கிறான். மருந்துக்கடையில் கேட்டு இரண்டு முறை ஆன்ட்டிபயாடிக் வாங்கிக் கொடுத்தேன். அவனுக்குப் பைத்தியம் பிடித்துவிடுமா, டாக்டர்?"

மூளையில் ஓட்டை என்பது எலிகளுக்கு மிக அதிக அளவில் மருந்து செலுத்திச் செய்த ஆய்விலிருந்து திரிந்து வந்த கதை, அதை மறந்துவிடுங்கள். நீண்ட காலம் அதிகமாகப் பயன்படுத்துபவர்களுக்கு நினைவாற்றல் குறைவது உண்மைதான். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கும் அந்த எரிச்சல்தான்.

எல்.எஸ்.டி.யும் கெட்டமைனும் வெவ்வேறு வகை என்று உங்கள் தம்பி சொல்வது சரி. ஆகவே இது பாதுகாப்பானது என்று அவர் கொள்ளும் முடிவுதான் தவறு. எல்.எஸ்.டி., போதைக் காளான்களில் உள்ள சைலோசைபின் போன்றவை மூளையின் செரட்டோனின் ஏற்பிகளைத் தூண்டிப் பார்வையையும் எண்ணங்களையும் பெருக்கிக் காட்டுகின்றன, எல்.எஸ்.டி.யின் தாக்கம் பத்து மணி நேரம்கூட நீடிக்கலாம். அவற்றின் முதன்மையான ஆபத்து மனத்தைச் சார்ந்தது: கடும் பீதியும், அந்த நிலையில் செய்யும் விபரீதமும், தமக்கோ குடும்பத்தில் எவருக்கோ மனச்சிதைவு அல்லது இருதுருவ நோய் இருப்பவர்களுக்கு நோய் வெளிப்படும் அபாயமும். கெட்டமைனோ மூளையில் செய்தி கடத்தும் குளூட்டமேட் என்ற வேதிப்பொருளின் ஒரு வகை ஏற்பியை அடைத்து, உடலிலிருந்தே தான் விலகி நிற்பதுபோன்ற உணர்வைத் தந்து, வலியை மரக்கச் செய்கிறது. மூக்கால் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் தெளிந்துவிடும் என்பதால், மறுபடி எடுக்கும் ஆசையும் உடனே வருகிறது. எல்.எஸ்.டி.யை அடுத்தடுத்த நாள்களில் எடுத்தால் விரைவில் வேலை செய்யாமல் போய்விடுவதால் தினசரிப் பழக்கமாவது அரிது. கெட்டமைனில் அளவைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள்.

அப்படிக் கூட்டிய மருந்தும் அதன் சிதைபொருள்களும் சிறுநீரில் கலந்து சிறுநீர்ப்பையில் மணிக்கணக்கில் தங்கி, அதன் உட்புறப் படலத்தை அரிக்கின்றன. 2007இல்தான் இந்த நோயை மருத்துவ இதழ்கள் முதன்முதலில் விவரித்தன. எல்.எஸ்.டி.யில் இத்தகைய பாதிப்பு அறியப்படவில்லை. மயக்க மருந்தாக மருத்துவமனையில் கண்காணிப்புடன் ஒருமுறை கொடுப்பதையும், ஓராண்டாக உறிஞ்சுவதையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

என்னிடம் வந்த ஓர் இளைஞரை நினைத்துக்கொள்கிறேன். அரை மணிக்கு ஒருமுறை கழிப்பறைக்கு ஓடினார். இரவில் உறக்கமே இல்லை. மூன்று முறை ஆன்ட்டிபயாடிக் சாப்பிட்டிருந்தார், ஆனால் கல்ச்சர் பரிசோதனையில் ஒருமுறையும் கிருமி வளரவில்லை. அளவுக் குவளையில் பிடித்துப் பார்க்கச் சொன்னோம். ஒவ்வொரு முறையும் 60, 70 மில்லிலிட்டர்தான் வந்தது. ஆரோக்கியமான சிறுநீர்ப்பை 400 மில்லிலிட்டர் அளவுக்குத் தாங்கும். ஸ்கேனில் இரண்டு சிறுநீரகங்களும் வீங்கியிருந்தன. அவர் சொன்ன ஒரு வாக்கியம் நோயின் சுழற்சியை முழுவதுமாக விளக்கியது: "வலி தாங்க முடியாமல்தான் டாக்டர், மறுபடி எடுக்கிறேன்." சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கிய மருந்தே அந்தப் புண்ணின் வலியையும் மறைத்துக்கொண்டிருந்தது.

உங்கள் தம்பிக்கு மூன்றாவது ஆன்ட்டிபயாடிக் வாங்காதீர்கள். கிருமித்தொற்று இல்லாத இடத்தில் அது எதையும் குணமாக்காது, உண்மையான நோயைக் கண்டுபிடிப்பதைத்தான் தாமதப்படுத்தும். எத்தனை முறை போகிறார், ஒவ்வொரு முறையும் எவ்வளவு வருகிறது என்று மூன்று நாள்கள் குறித்துக்கொண்டு, இந்த வாரமே யூராலஜிஸ்ட் எனப்படும் சிறுநீரியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கெட்டமைன் என்ற பெயரைத் தயங்காமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரணத் தொற்று என்றே எண்ணிச் சிகிச்சை தொடங்குவார்கள். சிறுநீரில் இரத்தம், இடுப்புக்கு மேல் பக்கவாட்டில் வலி, காய்ச்சல் ஆகியவற்றுள் ஒன்று வந்தாலும் அன்றே செல்ல வேண்டும்.

கெட்டமைனை நிறுத்துவதே சிகிச்சையின் மையம். தொடக்க நிலையில் நிறுத்தியவர்களில் பலருக்கு எரிச்சல் குறைந்து சிறுநீர்ப்பை தேறுகிறது; தழும்பேறிச் சுருங்கிய பிறகு நிறுத்தினால் இழந்த கொள்ளளவு திரும்பாமல் போகலாம், சிலருக்கு அறுவைச் சிகிச்சையே தேவைப்படும். நிறுத்தும் நாள்களில் மறைந்திருந்த வலி முழுவதுமாக வெளிப்படும் என்பதால், வேறு வலி மருந்தை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுப் பெறுங்கள். போதைப்பழக்க மீட்புக்கான மனநல மருத்துவரையும் உடன் பாருங்கள். அதுவரை மதுவுடனோ தூக்க மாத்திரையுடனோ கெட்டமைனை எடுக்க அவரை விடாதீர்கள். அந்தச் சேர்க்கையில் நினைவிழந்து வாந்தி மூச்சுக்குழலில் இறங்கி இறப்பவர்கள் உண்டு. எழுப்பியும் எழவில்லை என்றால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, தெளியட்டும் என்று காத்திருக்காமல் ஆம்புலன்ஸை அழையுங்கள்.