118-ம் 1.4-ம்: கிரியேட்டினின் யூனிட் மாத்திப் பாக்குறது

கேள்வி: சார், அப்பாவுக்கு 62 வயசு. சிங்கப்பூர்ல தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தப்ப எடுத்த ரிப்போர்ட்ல கிரியேட்டினின் 118 µmol/L. ஊருக்கு வந்து மதுரைல எடுத்தா 1.4 mg/dL. கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா? எப்படி மாத்திப் பாக்குறது?

பதில்: சிங்கப்பூர் நம்பரை 88.4-ஆல வகுங்க.

```
mg/dL = µmol/L ÷ 88.4
```

118-ஐ வகுத்தா 1.33 வருது. அந்தப் பக்கமா மாத்தணும்னா 88.4-ஆல பெருக்கணும், அதாவது 1.4 வந்து 124 µmol/L.

இந்த 88.4 எங்கேருந்து வருதுன்னா, கிரியேட்டினினோட மூலக்கூறு எடை 113.12, அதனால ஒரு மைக்ரோமோல்னா 113.12 மைக்ரோகிராம். அது ஒரு லிட்டர்ல, டெசிலிட்டர்ங்கிறது அதுல பத்துல ஒரு பங்கு, அப்போ 11.3 மைக்ரோகிராம், அதாவது 0.0113 மில்லிகிராம். ஒரு முழு மில்லிகிராம் ஆகணும்னா இந்த மாதிரி 88.4 வேணும். கால்குலேட்டர் கையில இல்லன்னா நம்பரை 100-ஆல வகுத்து, வந்ததுல எட்டுல ஒரு பங்கைக் கூடச் சேருங்க. 1.18, அதோட 0.15, மொத்தம் 1.33. நான் லேப்ல நின்னுட்டே இப்படித்தான் போட்டுப் பாப்பேன்.

அப்போ 1.33 இருந்தது 1.4 ஆயிடுச்சு, கூடிடுச்சுன்னு தோணும். அங்கதான் கொஞ்சம் நிதானிக்கணும். மதுரை லேப் ஒரே ஒரு தசம இடம்தான் போட்டிருக்காங்க, அதனால அந்த 1.4-க்குப் பின்னாடி மெஷின் காட்டுன நம்பர் 1.35-ஆ இருக்கலாம், 1.44-ஆவும் இருக்கலாம். 1.35-ஐ மாத்துனா 119. உங்கப்பாவோட பழைய நம்பர் 118. வித்தியாசம் ஒண்ணுமே இல்லாமக்கூட இருக்கலாம்னு சொல்றேன். முடிஞ்சா அந்த லேப்ல கேளுங்க, ரெண்டு தசமத்துல நம்பர் மெஷின்ல இருக்கும்.

மெத்தட்னு ரிப்போர்ட்ல சின்ன எழுத்துல போட்டிருப்பாங்க, ரெண்டு ரிப்போர்ட்லயும் அதைப் பாருங்க. ஜாஃபேன்னு இருந்தா அது ரத்தத்துல இருக்குற குளுக்கோஸ், கீட்டோன், புரோட்டீன் மாதிரி சிலதையும் கொஞ்சம் கிரியேட்டினின்னு நெனச்சு எண்ணிடும், என்சைமேட்டிக்ல அந்தத் தொல்லை கம்மி. ஒரு இடத்துல ஜாஃபே, இன்னொரு இடத்துல என்சைமேட்டிக்னா இந்த 0.07 வித்தியாசத்துக்கு கிட்னியைக் குத்தம் சொல்லவே முடியாது. டெஸ்ட்டுக்கு முந்தின நேரம் மட்டன் சாப்பிட்டிருந்தாலும் ஏறும், ஏன்னா வெந்த கறில கிரியேட்டினின் இருக்கு, அது நேரா ரத்தத்துக்குப் போயிடும்.

இப்ப உங்கப்பாவை நெஜமா பயமுறுத்தக்கூடியது இன்னொண்ணு, ரிப்போர்ட்ல கீழ இருக்குற இஜிஎஃப்ஆர், அதாவது கிட்னி எவ்வளவு வேகமா ரத்தத்தை வடிகட்டுதுங்கிற கணக்கு. சிகேடி-இபிஐ 2021 ஃபார்முலால 62 வயசு ஆம்பளைக்கு 1.33 போட்டா 60 வரும், 1.4 போட்டா 57 வரும். 60-க்குக் கீழ போனதும் கிட்னி நோய் ஸ்டேஜ் 3-ன்னு சில ரிப்போர்ட்ல அச்சாகிடும். இதே 118-ஐ யாராவது 1.3-ன்னு சுருக்கிப் போட்டா 62 வந்து நிக்கும். ஒரே ரத்தம், தசமத்தை எப்படி எழுதுனோம்ங்கிறதுலயே கோட்டுக்குப் பக்கத்துல இருக்குற நம்பர் ரெண்டு பாயிண்ட் நகர்ந்துடுது பாருங்க. அதனால மாத்தும்போது ரெண்டு தசமத்தை விட்டுடாதீங்க, இல்லன்னா கால்குலேட்டர்ல யூனிட்டை µmol/L-னு மாத்திட்டு 118-ஐ அப்படியே போடுங்க. யூனிட்டை மாத்தாம 118 போட்டா இஜிஎஃப்ஆர் பூஜ்யத்துக்குப் பக்கத்துல வரும், அதைப் பாத்துப் பதறாதீங்க, யூனிட் தப்புன்னு அர்த்தம்.

இன்னொரு இடத்துலயும் ஆளுங்க மாட்டிக்கிறாங்க. 88.4 கிரியேட்டினினுக்கு மட்டும்தான். அதே ரிப்போர்ட்ல யூரியா mmol/L-ல இருக்கும், அதை 6-ஆல பெருக்குனா நம்ம ஊர் யூரியா mg/dL. ஆனா நம்ம ஊர் லேப்ல BUN-னு, அதாவது யூரியாவுல இருக்குற நைட்ரஜனை மட்டும் எண்ணிப் போட்டிருந்தா 2.8-ஆல பெருக்கணும். சிங்கப்பூர்ல 6.5-ன்னா யூரியா 39, BUN 18. இந்த 39-ஐயும் 18-ஐயும் பக்கத்துல வச்சுட்டு பாதியா குறைஞ்சிடுச்சுன்னு ஒருத்தர் மாத்திரையை நிறுத்தப் பாத்தார், நல்லவேளை அதுக்கு முன்னாடி எங்ககிட்ட வந்து கேட்டார்.

அப்பாவுக்கு நான் சொல்றது, இனி ஒரே லேப்லயே எடுங்க, முந்தின நாள் கறி வேண்டாம், யூரின்ல ஆல்புமின்-கிரியேட்டினின் ரேஷியோவும் சேத்து எடுங்க. நாள்பட்ட கிட்னி நோய்னு சொல்ல 60-க்குக் கீழயோ யூரின்ல ஆல்புமின் அதிகமாவோ மூணு மாசத்துக்கு மேல தொடர்ந்து இருக்கணும், ஒரு தடவை 57 வந்ததை வச்சு சொல்ல மாட்டாங்க. டாக்டர்கிட்ட போறப்ப ரெண்டு ரிப்போர்ட்டையும் ஒரிஜினலாவே கொண்டு போங்க, நீங்க மாத்துன 1.33-ஐ பக்கத்துல பென்சில்ல எழுதி வச்சுக்கோங்க.