13 மில்லிமீற்றர் எலும்பு இருக்கும்போது 8 மில்லிமீற்றர் இம்பிளான்ட் ஏன்?

கேள்வி: வெள்ளவத்தையில் வசிக்கிறேன், வயது 52. இடப்பக்கக் கீழ்த்தாடையின் முதலாவது கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிச் சில வருடங்களாகின்றன. ஒரு பல் வைத்தியர் ஓ.பி.ஜி. படத்தில் அளந்துவிட்டு, "17 மில்லிமீற்றர் எலும்பு இருக்கிறது, 12 மில்லிமீற்றர் இம்பிளான்ட் வைக்கலாம், வேறு ஸ்கேன் தேவையில்லை" என்றார். இன்னொருவர் சி.பி.சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். அறிக்கையில் உயரம் 13.1, அகலம் 6.8 மில்லிமீற்றர் என்று இருக்கிறது. ஆனால் அவர் 8 மில்லிமீற்றர் இம்பிளான்ட்தான் வைக்கலாம் என்கிறார். 13 இருக்கும்போது ஏன் 8? ஸ்கேனுக்குக் கொடுத்த பணம் வீணா? அறிக்கையின் பிரதியை இணைத்திருக்கிறேன்.

பதில்: வீணில்லை. அந்தப் பணம்தான் உங்கள் கீழுதட்டின் உணர்ச்சியைக் காப்பாற்றியிருக்கிறது என்றுகூடச் சொல்வேன். நீங்கள் அனுப்பிய பிரதியை வைத்துக் கணக்கைச் சரிபார்த்தேன். இம்பிளான்ட் என்பது இழந்த பல்லின் வேருக்குப் பதிலாக எலும்பில் பதிக்கும் உலோகத் திருகு; அதற்கு இரண்டாவது வைத்தியர் சொன்ன 8 பொருந்துகிறது.

முதலில் அந்த 17ஐப் பார்ப்போம். ஓ.பி.ஜி. கருவி தலையைச் சுற்றி வந்து, வளைந்த தாடையை ஒரு தட்டையான படமாக விரித்துக் காட்டுகிறது. அப்படி விரியும்போது எல்லாமே பெரிதாகிவிடும். எவ்வளவு பெரிதாகும் என்பது கருவியையும், படம் எடுக்கும்போது தலை நின்ற நிலையையும் பொறுத்தது. பெரும்பாலும் 20 முதல் 30 சதவீதம் என்று கொள்ளலாம். 25 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், படத்தில் 17 மில்லிமீற்றராகத் தெரிவது உண்மையில் 13.6தான். ஸ்கேன் காட்டிய 13.1க்கு அது பக்கத்தில் வருகிறது. ஆகவே இரண்டு படங்களும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. படத்தில் அளந்ததைக் குறைத்துக் கணக்கிடாமல் அப்படியே சொன்னதில்தான் தவறு நேர்ந்திருக்கிறது. ஓ.பி.ஜி. மட்டும் வைத்து வேலை செய்யும் கவனமான வைத்தியர்கள், விட்டம் தெரிந்த சிறிய உருக்குக் குண்டு ஒன்றை அந்த இடத்தில் வைத்துப் படமெடுப்பார்கள். 5 மில்லிமீற்றர் குண்டு படத்தில் 6.3 ஆகத் தெரிந்தால், மற்ற அளவுகளையும் அதே விகிதத்தில் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் அப்படிச் செய்தாலும், எலும்பு எவ்வளவு தடிப்பானது, நாக்குப் பக்கம் எங்கே குழிவாக இருக்கிறது என்பதைத் தட்டைப் படம் சொல்லாது. உங்கள் விடயத்தில் முடிவைத் தீர்மானித்ததே தடிப்புத்தான்.

இனி 13.1 எப்படி 8 ஆனது என்று பார்ப்போம். சி.பி.சி.டி. கருவி கூம்பு வடிவக் கதிரால் தலையை ஒருமுறை சுற்றி, கணினியில் தாடையை முப்பரிமாணமாக அமைக்கிறது. பிறகு அதை எந்த இடத்திலும் குறுக்காக வெட்டிப் பார்க்கலாம். உங்கள் அறிக்கையில் உள்ள குறுக்குவெட்டுப் படத்தில், எலும்பின் மேல்விளிம்பிலிருந்து, கீழுதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பு எலும்புக்குள் ஓடும் கால்வாயின் கூரை வரை ஒரு கோடு இழுத்திருக்கிறார்கள். அதுதான் 13.1. அகலத்துக்கான 6.8 கோட்டை இன்னொருமுறை பாருங்கள். அது மேல்விளிம்பில் இல்லை, சில மில்லிமீற்றர் கீழே இருக்கிறது. பல் பிடுங்கிய இடத்தில் எலும்பு காலப்போக்கில் தேய்ந்து, மேல்பகுதி கத்தி முனைபோல் மெலிந்துவிடும். உங்களுக்கும் அதுதான் நடந்திருக்கிறது.

வைத்தியர் வைக்க நினைக்கும் இம்பிளான்ட்டின் விட்டம் 4.1 மில்லிமீற்றர் என்று குறிப்பில் இருக்கிறது. அதைச் சுற்றி கன்னப் பக்கமும் நாக்குப் பக்கமும் குறைந்தது ஒவ்வொரு மில்லிமீற்றர் எலும்பாவது நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த மெல்லிய சுவர் கரைந்து, நாளடைவில் உலோகம் முரசுக்கு வெளியே தெரியும். ஆகவே குறைந்தது 6.1 அகலம் தேவை. படத்தின் அளவுகோலை வைத்துப் பார்த்தால், அந்த அகலம் மேல்விளிம்பிலிருந்து 1.9 மில்லிமீற்றர் கீழேதான் கிடைக்கிறது. அதற்கு மேலிருக்கும் மெல்லிய பகுதியை மட்டப்படுத்திவிட்டுத்தான் இம்பிளான்ட் வைக்க முடியும். 13.1இல் 1.9 போனால் மிஞ்சுவது 11.2.

அந்த 11.2ஐயும் முழுதாகப் பயன்படுத்த முடியாது. கால்வாய்க்கும் இம்பிளான்ட்டின் நுனிக்கும் இடையில் 2 மில்லிமீற்றர் எலும்பை விட்டுவைப்பது வழக்கமான பாதுகாப்பு எல்லை. எஞ்சுவது 9.2. இம்பிளான்ட்டுகள் 8, 10 என்று குறிப்பிட்ட நீளங்களில்தான் வருகின்றன. 10 வைத்தால் நரம்புக்கு 1.2 மில்லிமீற்றர்தான் மிஞ்சும். இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. எலும்பைத் துளையிடும் டிரில்லின் கூர்முனை, அதில் குறித்திருக்கும் நீளத்தைவிட அரை முதல் ஒரு மில்லிமீற்றர் வரை கூடுதலாக இறங்குவது சாதாரணம். அப்படி இறங்கினால் 1.2 என்பது ஏறக்குறைய எதுவுமில்லாமல் போய்விடும். 8 வைத்தால் 3.2 மிஞ்சுகிறது, டிரில் ஒரு மில்லிமீற்றர் அதிகம் இறங்கினாலும் 2.2 இருக்கும். முதலாவது வைத்தியர் சொன்ன 12ஐ இதே இடத்தில் வைத்துப் பாருங்கள்: மட்டப்படுத்திய எலும்பின் உயரமே 11.2. நுனி கால்வாய்க்குள் போயிருக்கும்.

8 மில்லிமீற்றர் குட்டையாக இருக்கிறதே, பிடிக்குமா என்ற பயம் வேண்டாம். கீழ்த்தாடையின் பின்பகுதியில் எலும்பு இறுக்கமானது. போதிய விட்டமுள்ள 8 மில்லிமீற்றர் இம்பிளான்ட் அங்கே வழக்கமாக வைக்கப்படுவதுதான். மெல்லிய விளிம்பை மட்டப்படுத்தாமல், எலும்புத் துகள் வைத்து அகலப்படுத்தும் வழியும் உண்டு. அதற்கு இன்னொரு சிகிச்சையும், மாதக்கணக்கில் காத்திருப்பும், மேலதிகச் செலவும் வேண்டும். உங்கள் எலும்பு அளவுக்கு அதைத் தேடிப்போக வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை. உங்கள் வைத்தியரிடம் ஏன் அதைத் தெரிவுசெய்யவில்லை என்று மட்டும் கேளுங்கள்.

இவ்வளவும் அந்த 13.1 சரியாக அளக்கப்பட்டிருந்தால்தான். ஸ்கேன் துல்லியமானது, ஆனால் கோட்டை இழுப்பது ஒரு மனிதர். குறுக்குவெட்டு தாடைக்குச் செங்குத்தாக இல்லாமல் சரிந்திருந்தால் உயரம் கூடிக் காட்டும், பாணைச் சரித்து வெட்டினால் துண்டு நீளமாக வருவதைப்போல. 20 பாகை சரிந்தாலே உண்மையான 12.3 மில்லிமீற்றர், 13.1 ஆகத் தெரியும். அந்த 0.8 மில்லிமீற்றர், 2 மில்லிமீற்றர் பாதுகாப்பு எல்லையில் கணிசமான பகுதி. அறிக்கையின் முதல் பக்கத்தில் தாடையின் வளைவைப் பின்பற்றும் ஒரு கோடும், அதன்மேல் வெட்டிய இடங்களைக் காட்டும் குட்டிக் கோடுகளும் இருக்கும். குட்டிக் கோடுகள் வளைவுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். மேலிருந்து கீழான சரிவை அறிய, பக்கத்துப் பற்களின் கடிமட்டத்துக்கு வெட்டு எப்படி அமைந்திருக்கிறது என்பதை வைத்தியரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

இரண்டாவது சந்தேகம் கால்வாயே பற்றியது. சிலருக்கு அதன் சுவர் தெளிவாகத் தெரியாது, சுற்றியுள்ள எலும்பின் வலையமைப்போடு கலந்துவிடும். அப்போது ஒரு வெட்டை மட்டும் பார்த்து "இதுதான் கால்வாய்" என்று புள்ளி வைப்பது ஆபத்து. முன்கடைவாய்ப் பற்களுக்கு அருகே நரம்பு வெளியே வரும் துவாரத்திலிருந்து பின்னோக்கி, வெட்டு வெட்டாகத் தொடர்ந்து வந்து கால்வாயைக் குறிக்க வேண்டும். உங்கள் பிரதியில் அது நீளவெட்டுப் படத்தில் வண்ணக்கோடாகத் தொடர்ச்சியாகத் தெரிகிறது. நல்ல அறிகுறி. எலும்பின் விளிம்புகள் இரட்டையாகத் தெரிந்தால் ஸ்கேனின்போது தலை அசைந்திருக்கிறது என்று பொருள். பக்கத்துப் பல்லில் உலோக மூடி இருந்தால் வெள்ளைக் கீற்றுகள் விழும். உங்கள் படத்தில் இரண்டும் இல்லை.

வாங்குபவராக ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள்: அச்சிட்ட படத்தோடு நின்றுவிடாமல் ஸ்கேனின் முழுத் தரவையும் இறுவட்டிலோ இணைப்பாகவோ வாங்கிக்கொள்ளுங்கள். கோப்புகளின் பெயர் பெரும்பாலும் `.dcm` என்று முடியும். சாதாரணப் படங்களாக, `.jpg` ஆகத் தந்தால் அதில் புதிதாக வெட்டவோ அளக்கவோ முடியாது. தரவு கையில் இருந்தால் கொழும்பில் எந்தப் பல் வைத்தியரிடமும் இரண்டாவது கருத்துக் கேட்கலாம். வைத்தியரை மாற்றுகிறீர்கள் என்பதற்காக மட்டும் மீண்டும் ஸ்கேன் எடுக்கத் தேவையில்லை. இனி ஸ்கேனுக்குப் போகிறவர்கள் விலை கேட்கும்போது, ஸ்கேன், அளவீட்டு அறிக்கை, தரவு மூன்றும் அந்தத் தொகைக்குள் அடங்குமா என்று பணம் கட்டும் முன்பே கேட்டு, பற்றுச்சீட்டிலும் எழுதச் சொல்லுங்கள்.

எவ்வளவு பகுதியை ஸ்கேன் செய்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். ஒரு பல்லுக்கு ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் அகலமும் உயரமும் உள்ள சிறு பகுதி போதும். முழு முகத்தையும் எடுத்தால் கூடுதல் கதிர்வீச்சு மட்டுமே மிச்சம். சிறு பகுதி ஸ்கேனிலும் ஓ.பி.ஜி.யைவிடக் கதிர்வீச்சு அதிகம்தான், அதனால்தான் தேவையின்றித் திரும்ப எடுக்க வேண்டாம் என்கிறேன். நிலையத்தின் கருவிக்கு 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க இலங்கை அணுசக்திச் சட்டத்தின்கீழ் உரிமம் இருக்க வேண்டும். அதைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

சம்மதப் படிவத்தில் கையெழுத்திடும் முன், இம்பிளான்ட்டின் உருவத்தை அந்தக் குறுக்குவெட்டிலேயே வரைந்து, நுனியிலிருந்து கால்வாய் வரையிலான தூரத்தை எழுதிய ஒரு பிரதியைக் கேளுங்கள். 3.2க்கு அண்மையான ஓர் எண் அதில் இருக்க வேண்டும். சிகிச்சை முடிந்தபின் விறைப்பூசியின் வேகம் சில மணிநேரத்தில் இறங்கிவிடும். அதன் பிறகும், அன்று மாலையிலோ இரவிலோ, இடப்பக்கக் கீழுதடும் நாடியும் விறைத்தே இருந்தால் மறுவாரச் சந்திப்புவரை பொறுக்க வேண்டாம். அன்றைக்கே வைத்தியரை அழையுங்கள். நரம்பை இம்பிளான்ட் அழுத்துகிறது என்று தெரிந்தால், முதல் ஓரிரு நாளுக்குள் அதைக் கழற்றினால் உணர்ச்சி திரும்ப வாய்ப்பு அதிகம். வாரக்கணக்கில் விட்டால் அந்த வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.